மாசக் கடைசியில் நெட் படுத்துவிடுகிறது, எஃப்யூபியா?

“வேளச்சேரி, 100 எம்பிபிஎஸ் ஃபைபர். 24ஆம் தேதியிலிருந்து 2 எம்பிபிஎஸ்தான் வருது. லைன் கோளாறா, எஃப்யூபியா?”

எஃப்யூபி மாதிரிதான் தெரிகிறது, அதாவது மாத டேட்டா வரம்பு தாண்டியதும் கம்பெனியே வேகத்தைக் குறைப்பது. நெட்வொர்க் நெரிசல் என்றால் ராத்திரி பத்து மணிக்கு நொண்டும், விடிகாலையில் பறக்கும். எஃப்யூபி வேகம் எந்நேரமும் ஒரே எண்ணில் நிற்கும்.

வைஃபையை அணைத்து, லேப்டாப்பை ரூட்டரில் கேபிளால் செருகுங்கள். காலை ஐந்துக்கும் இரவு பத்துக்கும் வேகம் பாருங்கள். இரண்டிலும் அதே 2 என்றால், கம்பெனி ஆப்பில் இந்த மாதம் ஓடிய ஜிபியைப் பிளான் வரம்போடு ஒப்பிடுங்கள். பல பிளான்களில் அது 3300 ஜிபி. அப்லோடும் அதில் சேரும். எங்கள் வீட்டில் தின்றது சிசிடிவி கிளவுட்தான்!

வரம்பு தாண்டியிருந்தால், பில் சுழற்சி புதுப்பிக்கும் நாளில் வேகம் தானாகத் திரும்பும். அது 1ஆம் தேதியாக இருக்க வேண்டியதில்லை. அன்றும் திரும்பாவிட்டால் லைன்மேனைக் கூப்பிடுங்கள்.