இரண்டு கல்யாணம், ஒரு தத்து: வம்சாவளியில் யாரை எங்கே போடுவது?

கேள்வி: என் தாத்தாவின் முதல் மனைவி இறந்துவிட்டார். அவருக்குப் பிறந்தவர் என் அப்பா. தாத்தா மறுபடி கல்யாணம் செய்த பாட்டிக்கும் அது மறுமணம். முதல் கணவர் மூலம் ஒரு மகன் உண்டு. அப்புறம் இருவருக்கும் என் சித்தப்பா பிறந்தார். பெண் குழந்தை இல்லாததால் தாத்தாவின் தங்கை மகளையும் தத்து எடுத்தார்கள். வரையும்போது எல்லாக் கோடும் சிக்கிக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: எல்லாப் பிள்ளைகளையும் தாத்தாவின் கீழ் ஒரே கோட்டில் தொங்கவிட்டிருப்பீர்கள், சிக்கல் அங்கேதான். பிள்ளைக் கோடு அப்பாவிடமிருந்து இறங்காது, திருமணக் கோட்டிலிருந்துதான் இறங்கும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தாளை அகலவாட்டில் வைத்து நால்வரை ஒரே வரிசையில் போடுங்கள்: முதல் பாட்டி, தாத்தா, இரண்டாவது பாட்டி, அவருடைய முதல் கணவர். அடுத்தடுத்து இருப்பவர்களைப் படுக்கைக் கோட்டால் இணைத்தால் மூன்று திருமணக் கோடுகள் வரும். தாத்தாவின் இரண்டு கோடுகளின் மேல் 1, 2 என்று எழுதுங்கள். முதல் கோட்டிலிருந்து உங்கள் அப்பா, நடுக் கோட்டிலிருந்து சித்தப்பா, கடைசிக் கோட்டிலிருந்து பாட்டியின் முதல் மகன். அவரைத் தாத்தாவோடு எந்தக் கோட்டாலும் சேர்க்க வேண்டாம். ‘ஒரே வீட்டில்தானே வளர்ந்தார்’ என்று பாசத்தில் புள்ளிக்கோடு போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் தாத்தா அவரைத் தத்து எடுத்தார் என்று அர்த்தமாகிவிடும்.

இறந்தவருக்கு அவருடைய வட்டத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு மட்டும் போதும். திருமணக் கோட்டை வெட்டாதீர்கள். அதன்மேல் இரண்டு சாய்கோடு போட்டால் விவாகரத்து.

இனி தங்கை மகள். தத்துப் பிள்ளையின் உருவத்தைப் பகர அடைப்புக்குள் வைப்பது வழக்கம், இப்படி: [○]. தத்து எடுத்த பெற்றோரிடமிருந்து புள்ளிக்கோடு, பெற்றவர்களிடமிருந்து முழுக்கோடு. வெளியிலிருந்து தத்து எடுத்திருந்தால் புள்ளிக்கோட்டோடு முடிந்துவிடும். பெற்றவர்கள் யார் என்று தெரியாதபோது முழுக்கோடு வேண்டியதில்லை. உங்களுக்கு அப்படியில்லை, பெற்ற அம்மாவும் இதே படத்தில் இருக்கிறார். தாத்தாவையும் தங்கையையும் மேலே ஒரு உடன்பிறப்புக் கோட்டால் இணைத்து, தங்கையை முதல் பாட்டிக்கும் இடப்பக்கம் தள்ளி வைத்து, அவர் கணவரைச் சேருங்கள். அந்தத் திருமணக் கோட்டிலிருந்து முழுக்கோட்டில் பெண்ணை இறக்குங்கள். தாத்தாவின் 2-ஆம் திருமணக் கோட்டிலிருந்து அதே பெண்ணுக்குப் புள்ளிக்கோடு ஓடும். வழியில் உங்கள் அப்பாவின் கோடு குறுக்கே வரும். அங்கே புள்ளிக்கோட்டைச் சின்ன வளைவாக மேலே தூக்கித் தாண்டவிடுங்கள், இரண்டும் ஒட்டவில்லை என்று தெரியும். தத்துப் பெண்ணின் பிள்ளைகளும் படத்தில் வந்து இடம் நெருக்கினால் அவரை இரண்டு இடத்திலும் வரையலாம். ஆனால் இரண்டு உருவத்துக்கும் 7 என்பதுபோல ஒரே எண் கொடுத்து, ‘7 பார்க்க’ என்று குறியுங்கள். அவருடைய சந்ததியை ஓரிடத்தில் மட்டும் தொடருங்கள். எண் கொடுக்காமல் விட்டால் அடுத்த தலைமுறை இவரை ஒரே பெயருள்ள இரண்டு பேர் என்று எண்ணிக்கொள்ளும்.

கணினியில் வரைவதானால் Gramps என்ற இலவச மென்பொருளில் பிள்ளையைச் சேர்க்கும்போது அப்பாவோடும் அம்மாவோடும் என்ன உறவு என்று தனித்தனியே கேட்கும். Birth என்றுதான் முன்கூட்டியே இருக்கும். தத்து எடுத்த பெற்றோரின் கீழ் சேர்க்கும்போது இரண்டையும் Adopted என்று மாற்றுங்கள். மாற்ற மறந்தால் தத்துப் பெண் பெற்ற பெண்ணாகிவிடுவார்.

ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். ‘வளர்த்தார்கள்’ என்பது வேறு, தத்து வேறு. 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி, பெற்றவர்கள் கொடுக்க, எடுப்பவர்கள் வாங்கிக்கொள்வது நடந்திருக்க வேண்டும், ஹோமம் கட்டாயமில்லை. அப்படி நடக்காமல் அத்தை வீட்டிலோ மாமா வீட்டிலோ வளர்ந்த பிள்ளைக்கு அடைப்பு வேண்டாம், பக்கத்தில் ஒரு குறிப்பு போதும்.

கடைசியாக, தாலுகா அலுவலக வாசலில் நிற்கும் இடைத்தரகர்கள். வாரிசுச் சான்றிதழுக்கு என்று வம்சாவளி ‘போட்டுத் தருகிறேன்’ என்பார்கள். ‘முதல் சம்சாரம், ரெண்டாவது சம்சாரம் எல்லாம் எதுக்கு? எல்லாரையும் ஒரே வரிசையில் போட்டா சீக்கிரம் முடியும். தத்துப் பெண்ணை மகள்னே எழுதிடலாம்’ என்பார்கள். ரேஷன் கார்டிலும் மகன், மகள் என்று ஒரே சொல்லில்தான் இருக்கிறது. எந்தத் தாய்க்குப் பிறந்தவர் என்று எழுத இடமில்லாத ஆவணங்களை வைத்துக்கொண்டு, பின்னால் சொத்துத் தகராறு வரும்போது அதிகாரிகள் அதையே நம்மிடம் கேட்கிறார்கள். இந்த அலட்சியத்தை இடைத்தரகர் காசாக்குகிறார். காசும் கொடுக்காதீர்கள், அவர் எழுதிய படத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். நீங்கள் வரையும் படம் வாரிசுரிமையை முடிவு செய்யாது. ஆனால் பொய்யான படத்தில் உங்கள் கையெழுத்து இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார்.

தத்துப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதன் தேதியையும் ஆவண எண்ணையும் புள்ளிக்கோட்டின் பக்கத்தில் எழுதிவிடுங்கள். சட்டப்படி அவர் உங்கள் தாத்தாவின் பிள்ளையாவது அந்தத் தத்து நடந்த நாளிலிருந்துதான். பத்திரம் பின்னால் எழுதப்பட்டிருந்தால் தத்து நடந்த தேதியையும் சேர்த்துக் குறியுங்கள்.