மாரியப்பனா, மரியப்பனா?

வணக்கம் ஐயா. எங்கள் சங்கம் 1950களில் வெளியிட்ட மலரை மறுபதிப்புச் செய்கிறோம். தாள் போய்விட்டது, 300 பிபிஐ வண்ண ஸ்கேன் மட்டும் கையில் இருக்கிறது. நன்கொடையாளர் பட்டியல் பக்கத்தைப் படமாகவே அச்சிட்டு, படிக்க முடியாத சொற்களுக்கு மட்டும் புதிதாகத் தட்டச்சு செய்த சொற்களை ஒட்ட எண்ணம். ஆனால் ஷார்ப்பன் செய்தால் ஒரு பெயர் வருகிறது, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் வேறு பெயர் வருகிறது. எதை நம்புவது? பக்கத்தை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கையெழுத்து மையைப் போல அச்சு மை வெளிறிப் போவதில்லை. அதில் கறுப்பாக இருப்பது கரி. அது அப்படியேதான் இருக்கும். இந்தப் பக்கம் மங்கலாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் தாள் பழுத்துவிட்டது, அதனால் மைக்கும் தாளுக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிட்டது. இன்னொன்று, சில எழுத்துகளில் அச்சடித்த அன்றே மை சரியாக ஒட்டவில்லை. முதல் வகையைக் கான்ட்ராஸ்ட் மீட்டுத் தரும். இரண்டாவது வகையில் மீட்பதற்கு ஒன்றுமே இல்லை. ஷார்ப்பன் அங்கே தாளின் நாரையும் கறையையும் எழுத்தாக்கிக் காட்டும். உங்களுக்கு இரண்டு பெயர்கள் தெரிந்தது இப்படித்தான்.

எனவே ஷார்ப்பனைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் வண்ணங்களைப் பிரியுங்கள். ஜிம்ப் மென்பொருளில் `Colors > Components > Extract Component` போனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுக்கலாம். பழுப்புக் கறை சிவப்பில் வெளுக்கும், நீலத்தில் கறுக்கும். கறுப்பு மை மூன்றிலும் கறுப்பாகவே நிற்கும். தமிழுக்கு இது பெரிய உதவி, ஏனென்றால் நம் புள்ளியும் ஈரத்தால் வரும் பழுப்புப் பொட்டும் ஏறக்குறைய ஒரே அளவு. உங்கள் பக்கத்தின் நான்காம் வரியில் ‘ண’ மேல் தெரியும் புள்ளி நீலத்தில் அழுத்தமாக இருக்கிறது, சிவப்பில் காணவே இல்லை. அது கறை. அதற்கு இரண்டு வரி கீழே ‘ன்’ மேல் உள்ளது மூன்றிலும் இருக்கிறது. அது புள்ளி.

அடுத்து, சிவப்புப் படத்தை எடுத்துக்கொண்டு `Colors > Levels` திறங்கள். அங்கே தெரியும் வரைபடத்தில் வலப்பக்கம் உள்ள பெரிய மேடு தாள். எல்லோரும் செய்வது, தாள் பளிச்சென்று வெளுக்கும்வரை வெள்ளை முக்கோணத்தை அந்த மேட்டுக்குள் இழுப்பது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் மெல்லிய கோடுகள் அந்த மேட்டின் இடச் சரிவில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தாளோடு சேர்ந்து அவையும் வெள்ளையாகிவிடும். உங்கள் பக்கத்தில் தாள் 200ஐச் சுற்றி நிற்கிறது, மங்கிய மை 170க்கும் 190க்கும் இடையில் இருக்கிறது. நான் வெள்ளையை 215இல் விட்டுவிட்டு, கறுப்பு முக்கோணத்தை மட்டும் 120 வரை உள்ளே கொண்டுவந்தேன். தாள் அழுக்காகத்தான் தெரிந்தது. இருக்கட்டும், இது அச்சுக்குப் போகும் படமல்ல, நாம் படிப்பதற்கான நகல்.

இதற்குப் பிறகுதான் ஷார்ப்பன். `Unsharp Mask` என்பதில் `Radius` அளவு எழுத்துக் கோட்டின் தடிப்பில் பாதிக்கு மேல் போகக்கூடாது. உங்கள் எழுத்தில் கோடு மூன்று பிக்சல், ஆகவே 1.5 போதும். கூடிப்போனால் எழுத்தைச் சுற்றித் தாளைவிட வெண்மையான ஒரு வளையம் தோன்றும். அந்த வளையம் ‘ண’வின் சுழிகளுக்குள் புகுந்து அவற்றைக் கரைத்து ‘ன’ ஆக்கிவிடும். வளையம் கண்ணில் பட்டதும் எண்ணைக் குறைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்த நகலில் இதைச் செய்யவே வேண்டாம். ஜேபெக் சுருக்கம் எழுத்தைச் சுற்றி விட்டுவைக்கும் பிசிறுகள் புள்ளிகளாக எழுந்து நிற்கும். மூல ஸ்கேன் கோப்பிலேயே வேலை செய்யுங்கள்.

இனி அந்தப் பெயர். ‘ம’ தெளிவு, ‘ரியப்பன்’ தெளிவு. இடையில் கால் உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி. மாரியப்பனும் இருப்பார், கிறித்தவக் குடும்பத்து மரியப்பனும் இருப்பார். கடற்படைத் தளத்துக் குடியிருப்பிலிருந்து வந்த நன்கொடைகளின் கீழே இந்தப் பெயர் வருகிறது, அங்கே இரு தரப்பாரும் வேலை பார்த்தவர்கள். ஆகவே ‘இதுவாகத்தான் இருக்கும்’ என்று சூழலைக் காட்டி முடிவெடுக்க வழியில்லை. ஷார்ப்பன் செய்த படத்தில் அந்த இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு தெரிகிறது. ஆனால் `Radius` எண்ணை மாற்றினால் கோடும் இடம் மாறுகிறது. இடம் மாறும் கோட்டை நான் மையாக எண்ண மாட்டேன்.

இங்கே கைகொடுப்பது ஈய எழுத்து. கையால் அச்சுக்கோத்த காலத்தில் ‘மா’ என்பது ‘ம’ ஒரு துண்டு, கால் இன்னொரு துண்டு. கால் மை பிடிக்காமல் போகலாம், ஆனால் அந்தத் துண்டு அடைத்த இடம் எங்கும் போகாது. அதே பக்கத்தில் குமரன் என்றொரு பெயர் இருக்கிறது, குமாரசாமி என்றொரு பெயரும் இருக்கிறது. குமரனில் ‘ம’வுக்கும் ‘ர’வுக்கும் இடைவெளி 6 பிக்சல். குமாரசாமியில், காலையும் சேர்த்து, 27. நம் சந்தேகப் பெயரில் ‘ம’ முடிந்து ‘ரி’ தொடங்கும்வரை 26. இதை அளந்தது ஷார்ப்பன் செய்யாத படத்தில். மாரியப்பன் என்றே தட்டச்சு செய்யுங்கள். இந்த அளவை எல்லா எழுத்துக்கும் பொருந்தாது. உங்கள் மலரில் இருக்கும் பழைய வடிவ ணா, றா, னா மூன்றும் ஒரே துண்டாக வார்த்தவை, அவற்றில் காலுக்கென்று தனி இடம் கிடையாது.

‘கொடுத்தார்’ என்ற சொல்லையும் மாற்றப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதில் கால் மங்கி ‘கெடுத்தார்’ போலத் தெரிவது உண்மை. ஆனால் லெவல்ஸ் மாற்றியதுமே கால் எழுந்து நிற்கிறது, அசையவும் இல்லை. அதைத் தொடவேண்டாம், சற்றுத் தெளிவாக்கிய படமே போதும். மை இருக்கும் சொல்லின் மேல் புதுச் சொல்லை ஒட்டினால் நாளைக்கு வருபவர் மூலத்தைச் சரிபார்க்க முடியாது. ஒட்டும் சொற்களைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள், எது 1950களின் அச்சு, எது உங்கள் கை என்பது பக்கத்திலேயே தெரியட்டும்.

எஞ்சியவை இரண்டு தொகைகள். வெள்ளிக் கணக்கில் ஓர் இலக்கம் 3, 5, 8 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், மற்றொன்று சுத்தமாக அழிந்துவிட்டது. எண்களுக்கு இடைவெளிக் கணக்கு உதவாது, எல்லா இலக்கமும் ஒரே அகலம். அடியில் மொத்தத் தொகை இருக்கிறது. ஒன்று மட்டும் அழிந்திருந்தால் கழித்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டு அழிந்திருப்பதால் அவற்றின் கூட்டுத்தொகை மட்டுமே கிடைக்கிறது. அந்த இரண்டையும் தட்டச்சு செய்யாமல் படமாகவே விட்டு, கூட்டுத்தொகையை அடிக்குறிப்பில் கொடுங்கள். தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. விழா நடந்த வாரத்து இதழ்களில் நன்கொடைப் பட்டியல் வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இரண்டில் ஒன்று கிடைத்துவிட்டால் மற்றதைக் கழித்துப் போட்டுவிடலாம்.