தேதி தெரியாத குழந்தைக்கு எத்தனை வாரம்?

அம்மாவுக்கு முதல் குழந்தை இன்னும் பால் குடிக்கிறது. இடையில் தூரமே வரவில்லை, ஸ்கேனும் எடுக்கவில்லை. "சம்பா நடவப்போ மசக்கையா இருந்துச்சு" என்கிறார். பெண் குழந்தை, 1.9 கிலோ. குறைமாதம் என்று எழுதிவிடலாமா? (ஸ்டாஃப் நர்ஸ், மன்னார்குடி பக்கம்)

எடையை மட்டும் பார்த்து எழுதாதீர்கள். 33 வாரத்துக் குழந்தையும் 1.9 கிலோ இருக்கும், வயிற்றில் வளராமல் போன 38 வாரத்துக் குழந்தையும் இருக்கும். 33 வாரத்துக் குழந்தைக்கு மூச்சைப் பற்றிக் கவலை, 38 வாரத்துக் குழந்தைக்குச் சர்க்கரை இறங்குவதைப் பற்றிக் கவலை.

நரம்பு, உடல் குறிகளுக்கு மதிப்பெண் போட்டு வாரத்தைக் கணிக்கும் பல்லார்டு தாளை அனுப்பியிருக்கிறீர்கள், அதையே கூட்டிப் பார்ப்போம். கையை ஐந்து விநாடி மடக்கிப் பிடித்து, நீட்டி, விட்டதும் முழங்கை ஏறக்குறைய செங்கோணத்துக்குத் திரும்பி மடங்கியிருக்கிறது: 3. நரம்புப் பகுதியின் ஆறு சோதனையிலும் மூன்று மூன்று, ஆக 18. உடல் பகுதியில் பாதம் முழுக்க ரேகை, 4. தோல் வெடிப்பு, முதுகில் ரோமம் உதிர்ந்த திட்டுகள், மடக்கினால் உடனே நிமிரும் காது மடல், இவை மூன்றுக்கும் 3. மார்பு மொட்டு 2 மி.மீ. தான், அதற்கு 2. பிறப்புறுப்பின் வெளி இதழும் உள் இதழும் ஒரே அளவில் தெரிகின்றன, அதற்கும் 2. ஆக 17.

மொத்தம் 35. அதை 0.4 ஆல் பெருக்கி 24 கூட்டினால் 38 வாரம். இரண்டு வாரம் முன்பின் இருக்கலாம்.

அந்த இரண்டு 2-ஐ மட்டும் கவனியுங்கள். மொட்டும் வெளி இதழும் கொழுப்பு சேர்ந்தால்தான் பருக்கும். மெலிந்த குழந்தையில் வயதைக் குறைத்துக் காட்டும். ஆகவே இது வளராத நிறைமாதக் குழந்தை. ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுங்கள், சர்க்கரையைப் பாருங்கள்.

வலிப்பு வந்த தாய்க்கு மக்னீசியம் சல்பேட் போட்டோம். குழந்தை துவண்டு கிடக்கிறது. உடல் குறிகளுக்கு 18, நரம்புக்கு 8. எதை நம்புவது? (பயிற்சி மருத்துவர், தஞ்சாவூர்)

உடலை. மருந்தும் பிறக்கும்போது ஏற்பட்ட மூச்சுத்திணறலும் தசை இறுக்கத்தைக் குறைத்துவிடும், காதையும் பாதத்தையும் ஒன்றும் செய்யாது. இரண்டையும் கூட்டினால் 34 வாரம் சொச்சம் என்று வரும். அதை எழுத வேண்டாம். குழந்தை தெளிந்தபின், மறுநாள் நரம்புப் பகுதியை மட்டும் திரும்பப் பாருங்கள். கால் நீட்டியபடி இடுப்பு முதலில் வந்த குழந்தையில் முழங்கால் கோணமும் இப்படித்தான் ஏமாற்றும்.

வீட்டில் பிறந்து மூன்றாம் நாள் வந்த குழந்தைக்குப் பல்லார்டு மதிப்பெண் பார்க்கலாமா? (கிராம சுகாதார செவிலியர், வேதாரண்யம்)

பார்க்கலாம், நான்கு நாள் வரை. ஆனால் ஒரு நாள் கழிந்தாலே பாதம் காய்ந்து புது ரேகை விழும். தாராளமாக மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். 26 வாரத்துக்கும் குறைவாகத் தெரிந்தால் முதல் 12 மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் கணக்கு சரி.

"ஏழு மாசம் பிழைக்கும், எட்டு மாசம் பிழைக்காது" என்கிறார்களே? (ஒரு பாட்டி, திருவாரூர்)

இல்லை பாட்டி. எட்டு மாசத்துக் குழந்தைதான் இன்னும் தேறிய குழந்தை.