பாடவேளை ஓடியது, பாடம் நகர்ந்ததா? பாட நிறைவு அட்டவணை: கேள்வி பதில்

பத்தாம் வகுப்பு கணிதம் எடுக்கிறேன். இயற்கணிதத்துக்குத் திட்டம் 24 பாடவேளை, முடிந்தது 20. அட்டவணை 83 சதவீதம் என்கிறது. ஆனால் பாடம் பாதிதான் ஆனதுபோல் இருக்கிறது. ஏன்?

அந்த 83 சதவீதம் நீங்கள் வகுப்பில் நின்ற நேரத்தின் கணக்கு, பாடத்தின் கணக்கு அல்ல. நான்காவதாக 'இன்னும் தேவை' என்றொரு பத்தி சேருங்கள். அதைத் திட்டத்திலிருந்து கழித்து நிரப்பக் கூடாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் புத்தகத்தைத் திறந்து புதிதாக மதிப்பிட வேண்டும். உங்களுக்கு வரைபடமும் அணிகளும் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்துக்கு 5, அணிகளுக்கு 4, ஆக 9. B திட்டம், C முடிந்தது, D இன்னும் தேவை என்றால்:

```
=C2+D2-B2
```

விடை 5. நான்கு பாடவேளை கையிருப்பு என்று நினைத்த இடத்தில் ஐந்து பற்றாக்குறை. இதை ஆகஸ்டில் பார்த்தால் சரிசெய்யலாம். அரையாண்டுக்குப் பிறகு பார்த்தால் வருத்தப்படத்தான் முடியும்.

ஒரு பாடத்துக்கு எத்தனை பாடவேளை போடுவது?

போன ஆண்டுப் பணிப்பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் வகுப்பின் வேகம் அதில்தான் இருக்கிறது.

விளையாட்டு விழா ஒத்திகைக்கு வகுப்பை அனுப்பிவிட்டேன். அந்தப் பாடவேளையை 'முடிந்தது' என்று எழுதலாமா?

கூடாது. தனியாக 'இழப்பு' என்று காரணத்துடன் குறியுங்கள். கூடுதல் வகுப்பு கேட்கும்போது தலைமையாசிரியரிடம் காட்ட அதுதான் சான்று. மாதக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பாதீர்கள். இழப்பெல்லாம் மறந்து, எல்லாம் 'முடிந்தது' ஆகிவிடும்.

வருகைப் பதிவேட்டையும் இதிலேயே சேர்க்கலாமா?

அது வேறு பதிவேடு.

திருப்புதல் பத்தியில் டிக் போட்டால் போதாதா?

எதைத் திருப்பினீர்கள் என்று டிக் சொல்லாது. தேதியும் வடிவமும் எழுதுங்கள்: 'ஒரு மதிப்பெண், வாய்மொழி', 'வடிவியல் வரைதல், எழுத்து' என்று. வாய்மொழியாக மூன்று முறை திருப்பிய வகுப்பில் ஒருவரும் கவராயத்தைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

பற்றாக்குறை ஐந்தைத் திருப்புதல் நாள்களிலிருந்து எடுத்தால் என்ன? எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

செய்கிறீர்கள், தெரியும். வரைபடமும் வடிவியல் வரைதலும் எட்டு மதிப்பெண் வினாக்கள். அவை கைப்பழக்கத்தால் வருபவை. திருப்புதலைக் குறைத்தால் முதலில் அடி வாங்குவது அவைதான். எளிய பாடத்தின் எடுத்துக்காட்டுக் கணக்குகளில் ஒன்றிரண்டை வீட்டுப்பாடமாக்கி அங்கே நேரம் பிடியுங்கள்.

வீட்டுப்பாடமா? என் மாணவர்களில் பாதிப்பேர் மாலையில் வேலைக்குப் போகிறார்கள், ஐயா. திருப்புதலைத் தொட்டால்தான் எனக்கு வழி.

உங்கள் பள்ளிக்கு என் யோசனை பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வாய்மொழித் திருப்புதலில் மட்டும் கைவையுங்கள். வரைதலுக்கு ஒதுக்கியதை விட்டுவிடுங்கள். அதுவும் போதாது என்பீர்கள், இருக்கலாம்.

ஒரு பாடத்துக்கு எத்தனை பாடவேளை என்று பட்டியல் தர முடியுமா?

மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.