பச்சைப் புள்ளியும் பத்து நிமிடப் பதிலும்

வணக்கம் ஐயா,

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வீட்டிலிருந்தபடி இலண்டன் நிறுவனமொன்றின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை செய்கிறேன். அலுவலகச் செய்திகளுக்கான டீம்ஸ் செயலியில் என் பெயருக்கருகே இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளானால் மேற்பார்வையாளர் உடனே "எங்கே போனீர்கள்?" என்று கேட்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் படமெடுக்கும் மென்பொருளையும் போடப் போகிறார்களாம். மௌஸைத் தானே அசைக்கும் கருவியை வாங்கச் சொல்லி நண்பி ஒருத்தி சொல்கிறாள். நான் வேலையில் இருக்கிறேன் என்பதை நேர்மையாக எப்படிக் காட்டுவது?

ச.

அன்புள்ள ச.,

அந்தக் கருவியை வாங்காதீர்கள். 2024இல் அமெரிக்காவின் பெரிய வங்கியொன்று, விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டியதற்காகப் பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. நிறுவனம் தந்த மடிக்கணினியில் எந்தக் கருவி செருகப்பட்டது என்பது பதிவாகக்கூடும். நாள் முழுக்க மௌஸ் அசைந்தும் ஒரு முறைப்பாடுகூட முடிக்கப்படவில்லை என்றால், அதுவே காட்டிக்கொடுத்துவிடும். பிடிபட்ட பிறகு நீங்கள் உண்மையில் செய்த வேலையையும் எவரும் நம்பமாட்டார்கள்.

அந்தப் புள்ளி எதை அளக்கிறது என்பதை உங்கள் மேற்பார்வையாளர் அறிந்திருக்கிறாரா என்பது எனக்குச் சந்தேகம். டீம்ஸ் கணினியில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் விசையோ மௌஸோ தொடப்படாவிட்டால் புள்ளி மஞ்சளாகும். கைத்தொலைபேசியில் அந்தச் செயலியை விட்டு வேறொன்றைத் திறந்தாலே மஞ்சள்தான். அதுபோன்ற இன்னொரு செயலியான ஸ்லாக்கில் இந்த அவகாசம் பத்து நிமிடம். ஆக, புள்ளி சொல்வது கை விசைப்பலகையில் இருந்ததா என்பதை மட்டுமே. கூப்பிட்டால் நீங்கள் வருவீர்களா என்பதை அது சொல்வதில்லை.

உங்கள் வேலைக்கு ஒத்த ஒரு மாலையைக் கற்பனை செய்து பார்ப்போம். வேலைநேரம் பிற்பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை. நாலு மணிக்கு ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய நீண்ட ஆவணத்தை நாற்பது நிமிடம் அசையாமல் வாசிக்கிறீர்கள். முதல் ஐந்து நிமிடம் போக, 35 நிமிடம் மஞ்சள். ஆறு மணியளவில் இன்னொருவரோடு சாதாரணத் தொலைபேசியில் 25 நிமிடம் பேசுகிறீர்கள். டீம்ஸ் வழியாகப் பேசியிருந்தால் அழைப்பில் இருப்பதாகக் காட்டியிருக்கும், இதில் இன்னும் இருபது நிமிடம் மஞ்சள். முன்கூட்டியே அறிவித்த அரைமணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் 25. மொத்தம் எண்பது நிமிடம் நீங்கள் "காணாமற் போயிருக்கிறீர்கள்". அதே மாலையில் இடைவேளை தவிர்ந்த நேரத்தில் உங்களுக்கு வந்த பதினான்கு செய்திகளில் பதின்மூன்றுக்குப் பத்து நிமிடத்துக்குள் பதில் போயிருக்கிறது. எட்டு மணிக்குக் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்து, கைத்தொலைபேசி டேட்டாவுக்கு மாறும் வரை ஒன்றுக்கு மட்டும் பதின்மூன்று நிமிடம் ஆகியிருக்கிறது. மேற்பார்வையாளருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த இரண்டாவது கணக்குத்தான், அது வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் மென்பொருளில், செய்தி வந்த நேரம், பதில் போன நேரம் என ஏற்கெனவே பதிவாகிக் கிடக்கிறது.

ஆகையால் புள்ளியைப் பற்றி வாதாடாமல் பதில் நேரத்தைப் பற்றி எழுத்தில் ஓர் உடன்பாட்டைக் கேளுங்கள். செய்திக்குப் பத்து நிமிடம், வாடிக்கையாளரின் வேலை முற்றாக நின்றுபோனால் தொலைபேசி அழைப்பு, அதை எடுக்க முடியாமற்போனால் ஐந்து நிமிடத்துக்குள் திருப்பி அழைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது செய்திகளாவது இந்த எல்லைக்குள் வந்தால் போதும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லையைத் தீர்மானிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: கழிவறைக்குப் போய் வந்து, ஒரு தேநீரும் ஊற்றிக்கொண்டு திரும்ப எடுக்கும் நேரத்தைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், எல்லைக்குட்பட்ட விலகல் எதையும் எவரிடமும் சொல்ல வேண்டியதில்லை, அதைத் தாண்டி எழுந்து போவதானால் மட்டும் "7.00 மணிவரை இல்லை" என்று நிலைச்செய்தியில் எழுதிவிட்டுப் போகலாம். டீம்ஸில் நிலைச்செய்தி தானாக அழியும் நேரத்தையும் குறித்துவிடலாம். அழிக்க மறந்து மறுநாளும் "சாப்பாட்டில்" என்று கிடப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

இரண்டு நிமிடத்துக்குள் பதில் வேண்டும் என்று நிறுவனம் பிடிவாதமாக நின்றால், அது ஆள் எண்ணிக்கை பற்றிய பிரச்சினை. ஒற்றை ஆள் எட்டு மணி நேரம் அந்த வேகத்தைத் தாங்கினால் அவருக்கு இடைவேளையே இல்லை என்றுதான் பொருள். ஒருவர் எழும்போது மற்றவர் பொறுப்பேற்க இருவராவது வேண்டும். எந்தக் கண்காணிப்பு மென்பொருளும் இந்த இடைவெளியை நிரப்பாது.

மின்வெட்டை யாழ்ப்பாணத்தில் இருப்பவர் விதிவிலக்காக எழுதாமல் விதிக்குள்ளேயே எழுத வேண்டும். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சிறிய மின்கல யூபிஎஸ் வைத்தால், மடிக்கணினி தன் மின்கலத்தில் ஓட, குறுகிய வெட்டுகள் தெரியவே மாட்டா. வாங்குமுன் உங்கள் ரவுட்டருக்கு எத்தனை வோல்ட் வேண்டுமென அதன் அடப்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். இணைப்பும் விழுந்தால் கைத்தொலைபேசியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவது என்று உடன்பாட்டில் இருக்கட்டும். (கோயில் திருவிழாக் காலத்து ஒலிபெருக்கிக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்: பேச முடியாது, எழுத்தில் பதில் தருவேன் என்று.) வேலைநேரத்தை இலண்டன் நேரப்படி குறியுங்கள். அங்கே மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறுவதால், கோடையில் நமக்கு 1.30 ஆக இருக்கும் தொடக்கம் குளிர்காலத்தில் 2.30 ஆகிவிடும்; அந்த வாரங்களில் ஒருவர் தாமதமாக வந்தாரெனப் பழி விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

திரையைப் படமெடுப்பதைப் பற்றி. அதில் உங்கள் சோம்பலைவிட வாடிக்கையாளரின் பெயரும் கணக்கு விவரமுமே அதிகம் பதிவாகும், அவற்றையெல்லாம் நிறுவனம் பிறகு பாதுகாக்க வேண்டும். ஐக்கிய இராச்சியத்தின் தகவல் ஆணையாளர் அலுவலகம் ஊழியர் கண்காணிப்புக் குறித்து 2023 ஒக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டல், கண்காணிப்பின் தன்மையையும் காரணத்தையும் ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லவும், அதே நோக்கத்துக்கு இதைவிடக் குறைவாக ஊடுருவும் வழி உண்டா என்று பார்க்கவும் நிறுவனங்களைக் கேட்கிறது. இடையிலுள்ள உள்ளூர் முகவர் மூலம் நீங்கள் சேர்ந்திருந்தால், பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.

மேற்பார்வையாளருக்குச் சண்டைத் தொனியின்றி இப்படி எழுதலாம்: "நான் வேலையில் இருப்பதை நீங்கள் உறுதிப்படுத்திக்கொள்ள விரும்புவது நியாயமே. இரண்டு வாரம் என் பதில் நேரங்களை ஒவ்வொரு வெள்ளியும் உதவிப் பிரிவின் மென்பொருளிலிருந்து எடுத்து அனுப்புகிறேன். பத்து நிமிடத்தைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தைக் குறிப்பேன். நீங்களும் விரும்பிய ஐந்தைத் தெரிந்தெடுத்துச் சரிபாருங்கள். அதுவரை திரையைப் படமெடுப்பதைத் தள்ளிவைக்க முடியுமா?" நீங்களாகத் தெரிவுசெய்து அனுப்பினால் நல்லவை மட்டுமே போகும் என்ற ஐயம் அவருக்கு எழலாம். ஆகவே அந்த ஐந்தை அவரே தெரிந்தெடுப்பது முக்கியம்.

மறுத்துவிட்டால், படங்களை யார் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார், இடைவேளையில் மென்பொருள் நிற்குமா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கண்காணிப்புக்குச் சம்மதம் கேட்டால், பதில் வந்த பிறகே கையொப்பமிடுங்கள்.