லிட்டர், மில்லிலிட்டர்: ஊற்றும் முன்பே உத்தேசத்தைப் பேனாவில் எழுத வையுங்கள்

கேள்வி: நான்காம் வகுப்புக்கு முகத்தல் அளவை நடத்தணும். 1 லிட்டர் = 1000 மில்லிலிட்டர்னு எல்லாரும் ஒப்பிக்கிறாங்க. ஆனா ஒரு டம்ளர்ல எவ்வளவு பிடிக்கும்னு கேட்டா '1 லிட்டர்'ங்கிறாங்க. பாட்டில்ல தண்ணி ஊத்தி அளக்க வைக்கலாம்னு இருக்கேன். எப்படிச் செய்யலாம்?

பதில்:

முதல் வேலை அளவுக்குடுவை. அதைப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே வீட்டில் செய்துவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள் வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டுங்கள். மேல் பாதியைக் கவிழ்த்தால் புனல், கீழ்ப் பாதி குடுவை. வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், அதனால் டேப் சுற்றிவிடுங்கள். இனி கோடு போட வேண்டும். 1 மில்லி தண்ணீரின் எடை ஏறக்குறைய 1 கிராம். சமையலறை டிஜிட்டல் தராசில் வெறும் குடுவையை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, 100 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றி, அழியாத மார்க்கரால் கோடு போடுங்கள். இப்படியே 500 வரை. தராசு இல்லையென்றால் ஊசி கழற்றிய 10 மில்லி சிரிஞ்சால் பத்து முறை ஊற்றினால் 100.

ஸ்கேல் வைத்துச் சம இடைவெளியில் கோடு போட்டுவிடாதீர்கள். பாட்டிலின் அடி உள்ளே குழிந்திருக்கும். அந்தக் குழி இடத்தை அடைத்துக்கொள்வதால் முதல் 100 மில்லி மற்றவற்றைவிட உயரமாக நிற்கும். பக்கத்தில் வரிப்பள்ளங்கள் இருந்தால் அதற்கு மேலும் இடைவெளி மாறும். நேரான பகுதியில் 100 மில்லிக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வரும். ஆகவே இந்தக் குடுவையில் அளவை அருகிலுள்ள 50-இன் மடங்காக நம்பிப் படிக்கலாம், அதற்கு மேல் நுணுக்கம் கேட்காதீர்கள். தண்ணீரில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்தால் மட்டம் பளிச்சென்று தெரியும். யாரும் குடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் கொண்ட குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு குடுவை, தண்ணீர் சிந்தினால் பிடிக்க ஒரு தாம்பாளம், அளந்து ஊற்றிய 5 லிட்டர் தண்ணீருடன் ஒரு வாளி, நான்கு பாத்திரங்கள் போதும். டம்ளர், செம்பு, வட்டமான டிபன் பாக்ஸ், ஒல்லியான தண்ணீர் பாட்டில் என்று வடிவம் மாறி மாறி இருக்கட்டும். நோட்டில் நான்கு கட்டங்கள்: பாத்திரம், உத்தேசம், அளந்தது, வித்தியாசம்.

உத்தேசத்தைப் பேனாவில்தான் எழுத வேண்டும். பென்சில் கொடுத்தால், அளந்து பார்த்ததும் 300-ஐ அழித்து 650 என்று எழுதிவிடுவார்கள். தவறு தெரியக்கூடாதே என்ற பயம்தான் காரணம். அப்புறம் எல்லா நோட்டிலும் வித்தியாசம் பூஜ்ஜியம், உங்களுக்கோ ஒன்றும் தெரியாது. இன்னொன்று, பேசாமல் எழுதச் சொல்லுங்கள். முதலில் பேசவிட்டால் குழுவில் சத்தமாகப் பேசும் பிள்ளையின் எண்தான் நால்வர் நோட்டிலும் இருக்கும்.

நான்கு பாத்திரங்களுக்கும் ஒரே மூச்சில் உத்தேசம் எழுதச் சொல்வதுதான் இந்தப் பாடத்தில் பலரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் நான்கும் குருட்டு ஊகம். முதலில் 100 மில்லியைக் குடுவையில் காட்டி, அதை டம்ளரில் ஊற்றிக் காட்டுங்கள். கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிடும். பிறகு ஒரு பாத்திரத்துக்கு உத்தேசம் எழுதி, அதை அளந்து முடித்த பிறகுதான் அடுத்த பாத்திரத்துக்குப் போக வேண்டும்.

உதாரணத்துக்குச் செம்பை எடுத்துக்கொள்வோம். நால்வரும் 300, 1000, 400, 250 என்று எழுதியிருக்கிறார்கள். செம்பை விளிம்புவரை நிரப்பி, குடுவையில் 500 கோடுவரை ஊற்றி, அதை வாளியில் கொட்டிவிட்டு, மீதியை ஊற்றுகிறார்கள். மீதி 150. ஆக 650 மில்லி. 1000 எழுதிய பிள்ளைக்கு 350 வித்தியாசம், 300 எழுதிய பிள்ளைக்கும் 350 வித்தியாசம். ஆனால் இரண்டும் ஒன்றா என்று கேளுங்கள். ஒன்று பாதிக்கும் குறைவு, மற்றது இரண்டு மடங்கைத் தொடவில்லை. ஒன்பது வயதில் சதவீதம் வேண்டாம். 'பாதிக்குள்ளா, இரண்டு மடங்குக்கு மேலா' என்ற பேச்சே போதும். 500 கொட்டியதை மறந்து 150 என்று மட்டும் எழுதும் குழு நிச்சயம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு முறை கொட்டும்போதும் நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு கிழிக்கச் சொன்னால் அது தீரும்.

அடுத்து டிபன் பாக்ஸையும் ஒல்லிப் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 12 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் உயரமும் உள்ள வட்ட டப்பாவில் சுமார் 565 மில்லி பிடிக்கும். 7 சென்டிமீட்டர் அகலமுள்ள பாட்டிலில் 15 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் சுமார் 577. உங்கள் குடுவையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆனால் உத்தேசக் கட்டத்தில் பாட்டிலுக்கு 800, டப்பாவுக்கு 300 என்று இருக்கும், ஏனென்றால் கண் உயரத்தை மட்டுமே பார்க்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றிக் காட்டுவது இங்கேதான் பலன் தரும். சூத்திரம் எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த பாத்திரத்துக்கு எழுதும் முன் அகலத்தை விரலால் அளந்து பார்க்கும் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படிக்கும்போது குடுவையைக் கையில் தூக்கிப் பிடிப்பார்கள், அது சாயும். மேசைமேல் வைத்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து படிக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும்.

சீல் உடைத்த ஒரு லிட்டர் பாட்டிலை வாய்வரை நிரப்பி அளந்தால் 1000-க்குச் சற்று அதிகமாக வரும். 'கம்பெனிக்காரன் தப்பா போட்டிருக்கான்' என்று ஒரு குரல் எழும். பாட்டிலில் அச்சிட்டிருப்பது உள்ளே விற்கும் தண்ணீரின் அளவு. கழுத்தில் காலி இடம் விட்டுத்தான் அடைப்பார்கள். ஒரு பாட்டிலில் சரியாக 1000 ஊற்றி அந்த இடத்தில் கோடு போட்டுக் காட்டினால் போதும்.

எழுத்தில் வரும் பிழை வேறு: 1050 மில்லியை '1 லி 5 மிலி' என்றும், '1 லி 50 மிலி'யை 150 அல்லது 1500 என்றும் எழுதுவார்கள். 1000 மில்லி நிரப்பிய பாட்டிலையும் 50 மில்லி உள்ள டம்ளரையும் சேர்த்து வைத்து, இதுதான் 1050 என்று காட்டுங்கள். 1500 வேண்டுமென்றால் டம்ளருக்குப் பதில் அரை லிட்டர் பாட்டில் நிற்க வேண்டும். கரும்பலகையில் பூஜ்ஜியம் பற்றிப் பேசுவதைவிட இது சீக்கிரம் உறைக்கும்.

முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று உத்தேசம் எழுத வைத்து, வாளியையும் தாம்பாளத்தையும் சேர்த்து அளங்கள். 4 லி 700 மிலி வந்தால் 5 லிட்டரில் 300 மில்லி காணோம். கழித்தல் கணக்கு தானாக வந்துவிட்டது. தரை, சட்டைக் கை, பாத்திரத்தின் உள்பக்கம் என்று அந்த 300-ஐத் தேட அவர்களே கிளம்புவார்கள். துடைக்கத் துணி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.