நான்கு ஜீனோம் ஒப்பீட்டில் நியாண்டர்தால் கலப்பு எப்படித் தெரிகிறது?

கேள்வி: இன்றைய மனிதர்களின் ஜீனோமில் நியாண்டர்தால் கலப்பு இருப்பதை ABBA-BABA சோதனை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்கிறார்கள். வெறும் எண்ணிக்கையை வைத்து அதை எப்படிச் சொல்ல முடிகிறது? அந்த முடிவை எவ்வளவு நம்பலாம்?

இந்தச் சோதனை கலப்பை நேரடியாகத் தேடுவதில்லை. கலப்பே நடக்கவில்லை என்றால் இரண்டு எண்ணிக்கைகள் சமமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முன்வைத்து, அது பொய்க்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. அதன் வலிமையும் வரம்பும் இதிலிருந்தே வருகின்றன.

2010இல் நியாண்டர்தால் ஜீனோமின் முதல் வரைவு வெளியானபோது செய்யப்பட்ட ஒப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா இனத்தவர் ஒருவர், ஒரு பிரெஞ்சு நபர், நியாண்டர்தால், சிம்பன்சி என்ற வரிசையில் நான்கு ஜீனோம்களை அடுக்கி, ஒவ்வோர் இடத்திலும் எந்த டி.என்.ஏ. எழுத்து நிற்கிறது என்று பார்க்கிறோம். சிம்பன்சியிடம் உள்ள எழுத்தைப் பழைய வடிவம் எனக் கொண்டு A என்றும், அதிலிருந்து மாறுபட்டதை B என்றும் குறிக்கிறோம். யொரூபா நபரிடம் பழையதும், பிரெஞ்சு நபரிடமும் நியாண்டர்தாலிடமும் புதியதும் இருந்தால் அந்த இடம் ABBA. யொரூபா நபரும் நியாண்டர்தாலும் புதியதைப் பகிர்ந்து, பிரெஞ்சு நபரிடம் பழையது இருந்தால் அது BABA.

கலப்பே இல்லாவிட்டாலும் இந்த இரண்டு வகை இடங்களும் ஏராளமாகக் கிடைக்கும் என்பதுதான் பலரும் தவறவிடும் செய்தி. யொரூபா, பிரெஞ்சு நபர்களின் மரபுக் கோடுகளைப் பின்னோக்கித் தொடர்ந்தால், ஜீனோமின் பல பகுதிகளில் அவை நியாண்டர்தால் கிளை பிரிந்த காலத்துக்கு முன்புவரை ஒன்றுசேராமலே சென்று, மூவருக்கும் பொதுவான பழைய மக்கள்தொகைக்குள் நுழைகின்றன. அங்கே மூன்று கோடுகளில் எந்த இரண்டு முதலில் சேரும் என்பது தற்செயல். பிரெஞ்சுக் கோடு நியாண்டர்தால் கோட்டோடு முதலில் சேர்வதற்கும் யொரூபா கோடு அவ்வாறு சேர்வதற்கும் ஒரே வாய்ப்புதான். ஆகவே ABBA, BABA இரண்டும் புள்ளியியல் ஊசலாட்டத்துக்குள் சமமாக வர வேண்டும்.

```
D = (ABBA − BABA) / (ABBA + BABA)
```

கணக்குக்கு வசதியாக எண்களை முழுமையாக்கிக்கொள்கிறேன்: ABBA 1,05,000 இடங்கள், BABA 95,000 இடங்கள் என்றால் வேறுபாடு 10,000, கூட்டுத்தொகை 2,00,000, D = 0.05. உண்மையான ஆய்வில் ஆப்பிரிக்கரல்லாதவர்களை ஆப்பிரிக்கர்களோடு ஒப்பிட்டபோதும் இதை ஒட்டிய மதிப்புகளே கிடைத்தன. அதாவது ஆப்பிரிக்கரல்லாதவர்கள் நியாண்டர்தாலுடன் கூடுதலாகப் பகிர்கிறார்கள். (மென்பொருள் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை: qpDstat போன்றவற்றில் கழித்தல் எதிர்த்திசையில் நடப்பதால் குறி மாறி வரும். வரிசையைச் சரிபார்க்காமல் நேர், எதிர்க் குறிகளை வைத்து எதையும் சொல்லிவிடக் கூடாது.)

அடுத்த கேள்வி, 0.05 என்பது பூச்சியத்திலிருந்து உண்மையிலேயே விலகியதா என்பது. இரண்டு லட்சம் இடங்களும் தனித்தனிச் சான்றுகள் என்று நினைத்தால் பிழை வீச்சு 0.002 அளவில் வரும். ஆனால் அருகருகே உள்ள இடங்கள் ஒரே துண்டாக மரபுவழி வருவதால் அவை தனித்தனிச் சான்றுகள் அல்ல. அதனால் ஜீனோமை, எடுத்துக்காட்டாக, 50 லட்சம் எழுத்துகள் கொண்ட தொகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு தொகுதியையும் ஒரு முறை விலக்கிவிட்டு D மதிப்பை மீண்டும் கணக்கிட்டு, அது எவ்வளவு அலைகிறது என்பதிலிருந்து பிழை வீச்சை எடுக்கிறார்கள். அது 0.004 என்று வந்தாலும் D அதைப் போல் 12 மடங்குக்கு மேல் நிற்கிறது. வழக்கமாக மூன்று மடங்கைத் தாண்டினாலே பொருட்படுத்துவார்கள்.

என் பார்வையில் இந்தப் புள்ளியியல் பிழையைவிட ஆபத்தானது வரிசைப்படுத்தலில் நேரும் வாசிப்புப் பிழை. மூவரும் ஒன்றுபட்டுச் சிம்பன்சியிலிருந்து மட்டும் வேறுபடும் BBBA இடங்கள் சுமார் 3 கோடி இருக்கின்றன. யொரூபா ஜீனோமில் மட்டும் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் கூடுதல் பிழை இருந்தால் அந்த இடங்களில் 30,000 பிழைகள் நேரும்; தவறான எழுத்து மூன்றில் ஒன்றாக இருக்கலாம் என்பதால் ஏறத்தாழ 10,000 பிழைகள் தற்செயலாகச் சிம்பன்சி எழுத்தாகவே விழும். அத்தனையும் போலி ABBA இடங்கள். மேலே கண்ட முழு வேறுபாட்டையும் இந்த ஒரு குறையே உண்டாக்கிவிட முடியும்! இருவரிடமும் பிழை ஒரே அளவில் இருந்தால் அது இருபுறமும் கழிந்துபோகும். ஆகவே ஒரே முறையில், ஒரே தரத்தில் வாசிக்கப்பட்ட ஜீனோம்களையே ஒப்பிட வேண்டும். வேறு நபர்களை மாற்றிப் போட்டாலும் D நிலைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நியாண்டர்தால் எலும்பிலுள்ள டி.என்.ஏ. சிதைவு இவ்வளவு கெடுதல் செய்வதில்லை. பழைய டி.என்.ஏ.வில் C பல இடங்களில் T ஆக வாசிக்கப்படும் என்றாலும், அது ABBA, BABA இரண்டையும் ஒரே அளவில் பாதித்து D மதிப்பைப் பூச்சியத்தை நோக்கித்தான் இழுக்கும். பிரெஞ்சு நபரின் இடத்தில் ஒரு பழங்கால மனிதரின் ஜீனோமை வைத்தால் நிலைமை மாறுகிறது: இரண்டு பழைய மாதிரிகளிலும் ஒரே இடத்தில் ஒரே சிதைவு நேர்ந்து, உறவு இருப்பதுபோல் காட்டும். அப்போது C-T, G-A மாற்றங்களை முழுவதும் விலக்கிவிட்டுக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

எண்ணிக்கைகள் அனைத்தும் சரி என்றாலும் D தனியாகத் தீர்க்க முடியாத ஒரு கேள்வி உண்டு. நியாண்டர்தால் பிரிவதற்கு முன்பே ஆப்பிரிக்காவில் மக்கள்தொகை பல குழுக்களாகப் பிளவுபட்டிருந்து, நியாண்டர்தாலின் முன்னோரும் ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியவர்களின் முன்னோரும் ஒரே குழுவுக்கு நெருக்கமாக இருந்திருந்தால், பிந்தைய கலப்பு இல்லாமலேயே D நேர்மதிப்பாக வரும். 2012இல் இந்த ஐயம் வலுவாகவே எழுப்பப்பட்டது. அதைத் தீர்த்தது, ஜீனோமில் காணப்படும் நியாண்டர்தால் துண்டுகளின் நீளம். ஒவ்வொரு தலைமுறையிலும் மறுசேர்க்கை துண்டுகளை வெட்டிக்கொண்டே போவதால், சுமார் 2,000 தலைமுறைகளுக்கு முன் வந்த துண்டு சராசரியாக 50,000 எழுத்து நீளத்தில் இருக்கும். 10,000 தலைமுறைப் பழமை என்றால் 10,000 எழுத்து அளவுக்குக் குறுகியிருக்கும். கிடைத்த நீளங்கள் அண்மைக்கால வரவையே காட்டின. சைபீரியாவின் உஸ்த்-இஷிமில் கிடைத்த, ஏறத்தாழ 45,000 ஆண்டுப் பழமையான மனிதரின் ஜீனோமில் அத்துண்டுகள் இன்னும் நீளமாக இருந்ததும் இதோடு பொருந்துகிறது.

D = 0.05 என்பதை ஐந்து விழுக்காடு கலப்பு என்று படிப்பவர்கள் ஏராளம். கீழே உள்ள வகுஎண் முரண்பட்ட இடங்களின் எண்ணிக்கை மட்டுமே என்பதால் அந்த வாசிப்பு தவறு. அளவு வேண்டுமென்றால் பிரெஞ்சு நபரின் இடத்தில் இன்னொரு நியாண்டர்தால் ஜீனோமை வைத்து அதே கழித்தலைச் செய்து, முதல் வேறுபாட்டை இந்த வேறுபாட்டால் வகுக்க வேண்டும். அந்த வேறுபாடு 5,00,000 என்று வந்தால் விடை 2 விழுக்காடு. 2014இல் அல்தாய் நியாண்டர்தால் ஜீனோமோடு வெளியான மதிப்பீடு 1.5 முதல் 2.1 விழுக்காடு வரை இருந்தது. இதுவும் யொரூபா நபரிடம் கலப்பு பூச்சியம் என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஆப்பிரிக்கர்களிடமும் சிறிதளவு நியாண்டர்தால் துண்டுகள் இருப்பதாக 2020இல் வேறொரு முறை காட்டியது. அந்தப் பங்கை D தானாகக் காட்டித் தராது. அது இருவருக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே அளக்கிறது.